பேரப்பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு மரண சாதனத்தில் நம்பிக்கைப் பொறுப்பு: திருகோணமலைக் குடும்பங்களுக்கான வழிகாட்டி

மரண சாதனம் எழுதும் தாத்தாவும் பாட்டியும் பேரப்பிள்ளைகளின் படிப்புக்காகப் பணம் ஒதுக்க விரும்பும்போது, பெரும்பாலும் ஒரே வசனத்தில் அதை முடித்துவிடுகிறார்கள்: “என் பேரப்பிள்ளைகள் பராயம் அடையும்வரை அவர்களின் பாடசாலை, கல்லூரிக் கட்டணங்களை என் வங்கிப் பணத்திலிருந்து செலுத்த வேண்டும்.” எண்ணம் நல்லது, ஆனால் இந்த வசனம் இலங்கையில் அவர்கள் நினைக்கும் பலனைத் தராது. பணம் எப்போது நிற்கும், எதற்குச் செலவாகலாம், யார் கையால் செலவாகும் ஆகிய மூன்று கேள்விகளுக்கும் அது தவறான விடையைத் தருகிறது, அல்லது விடையே தருவதில்லை. இதற்குச் சரியான வழி நம்பிக்கைப் பொறுப்பு: பணத்தைப் பொறுப்பாளர்களிடம் கொடுத்து, அதைக் குறித்த பிள்ளைகளுக்காகக் குறித்த நோக்கத்துக்கு மட்டுமே செலவழிக்க அவர்களைச் சட்டப்படி கட்டுப்படுத்துவது. இந்த ஏற்பாட்டை முதன்முறையாகச் செய்ய முன்வருபவர் சட்டத்தரணியிடம் போவதற்கு முன் எவற்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும் என்பதை ஓர் உதாரணக் குடும்பத்தை வைத்துப் படிப்படியாக விளக்குகிறேன்.

உப்புவெளியில் வசிக்கும், ஓய்வுபெற்ற ஆசிரியையான ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். கணவர் காலமாகிவிட்டார். திருகோணமலை நகரில் வாழும் மகளுக்கு 15 வயதில் ஒரு மகனும் 10 வயதில் ஒரு மகளும் உள்ளனர். மகன் இறந்துவிட்டார், அவருடைய 4 வயதுக் குழந்தை தாயுடன் மட்டக்களப்பில் வளர்கிறது. அந்த அம்மாவிடம் 60 இலட்சம் ரூபாய் நிலையான வைப்பும், குடியிருக்கும் வீடும், தம்பலகாமத்தில் அரச அனுமதிப்பத்திரக் காணி ஒன்றும் இருக்கின்றன. மூன்று பிள்ளைகளும் பட்டப்படிப்பு வரை தடையின்றிப் படிக்க வேண்டும், குறிப்பாகத் தகப்பன் இல்லாத கடைசிப் பிள்ளையின் பங்கு வேறு எவராலும் கரைந்துபோகக் கூடாது என்பதே அவருடைய கவலை.

முதற்படி: எந்தச் சொத்து உண்மையில் மரண சாதனத்துக்குள் வரும்?

நம்பிக்கைப் பொறுப்பு எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், அதற்குள் பணம் வந்து சேராவிட்டால் அது வெறும் தாள்தான். வங்கி வைப்பைத் திறக்கும்போது படிவத்தில் ஒருவரைப் பின்னுரித்தாளியாகப் பெயர் குறித்திருந்தால், வைப்பாளர் இறந்த பின் அந்தப் பணம் பெயர் குறிக்கப்பட்டவருக்குப் போகிறது. மரண சாதனத்தில் வேறுவிதமாக எழுதியிருப்பது அதைத் தடுக்காது. நமது உதாரணத்தில் 60 இலட்சம் வைப்புக்கு மகளின் பெயர் குறிக்கப்பட்டிருந்தால், முழுத் தொகையும் மகளைச் சேரும். மட்டக்களப்பிலுள்ள குழந்தைக்கென எழுதிய வாசகத்துக்கு ஒரு சதமும் வராது. எனவே மரண சாதனம் எழுதும் கிழமையிலேயே வங்கிக்குச் சென்று, ஒவ்வொரு வைப்பிலும் யார் பெயர் குறிக்கப்பட்டுள்ளது என்பதை எழுத்தில் கேட்டறிந்து, நம்பிக்கைப் பொறுப்புக்குப் போக வேண்டிய வைப்புகளில் அந்தப் பெயர் குறிப்பை எழுத்து மூலம் நீக்க வேண்டும். மற்றொருவருடன் சேர்ந்து வைத்திருக்கும் கூட்டுக் கணக்குகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

மரண சாதனத்தில் வைப்பின் இலக்கத்தை மட்டும் எழுதுவதும் ஆபத்தானது. வைப்பு முதிர்ந்து மீளப் புதுப்பிக்கப்படும்போது இலக்கம் மாறலாம், வேறு வங்கிக்கு மாற்றப்படலாம். அப்போது “அந்த வைப்பு இப்போது இல்லையே” என்ற வாதம் எழும். “நான் இறக்கும் வேளையில் எந்த வங்கியிலும் என் தனிப் பெயரிலுள்ள நிலையான வைப்புகள் அனைத்தும்” என்று எழுதுவதே பாதுகாப்பு.

அனுமதிப்பத்திரக் காணி தனி விடயம். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணிகளுக்குப் பின்னுரித்தை நியமிக்கும் முறை அந்தச் சட்டத்திலேயே உள்ளது; உறுதிக் காணியைப் போல அதை நினைத்தபடி நம்பிக்கைப் பொறுப்புக்குள் சேர்க்க முடியாது. தம்பலகாமம், கந்தளாய், மூதூர்ப் பகுதிகளில் இத்தகைய காணி வைத்திருப்பவர்கள் அதன் பின்னுரித்தைப் பிரதேச செயலகத்தில் தனியாக ஒழுங்குசெய்துகொள்ள வேண்டும்.

தேசவழமைக்கு உட்பட்ட யாழ்ப்பாணப் பூர்வீகக் குடும்பங்கள் திருகோணமலையில் பல உண்டு. அவர்களிடையே திருமண காலத்தில் சம்பாதித்த தேடியதேட்டத்தில் வாழ்க்கைத் துணைக்கும் பாதி உண்டு என்பதால், ஒருவர் தம் பாதியை மட்டுமே எழுதிவைக்க முடியும். இச்சட்டம் தமக்குப் பொருந்துமா என்பதைச் சட்டத்தரணியிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிட வேண்டும்.

வீட்டை என்ன செய்வது? படிப்புச் செலவுக்கான நம்பிக்கைப் பொறுப்பில் வீட்டைச் சேர்க்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். திருத்த வேலை, வரிப்பணம், குடியிருப்பவரை எழுப்புவது ஆகியவை பொறுப்பாளரின் நேரத்தை விழுங்கும். பாடசாலைத் தவணைக் காசு கட்ட வேண்டிய மாதத்தில் வீட்டிலிருந்து பணம் வராது. இந்த அம்மா வீட்டை மகளுக்கு நேரடியாக எழுதி, வைப்பை முழுவதுமாகப் பேரப்பிள்ளைகளுக்கு ஒதுக்குவது தெளிவான வழி.

இரண்டாம் படி: “மகள் பார்த்துக்கொள்வாள்” என்ற வாசகத்தைத் தவிர்த்தல்

“பணத்தை மகளுக்குக் கொடுக்கிறேன், அவர் அதைப் பேரப்பிள்ளைகளின் படிப்புக்குச் செலவழித்து, எஞ்சியதை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்” என்று எழுதும் பழக்கம் பழைய தலைமுறையினரிடம் இன்னும் இருக்கிறது. ஒருவர் அனுபவித்து, பின் அடுத்த தலைமுறைக்குக் கட்டாயமாகக் கையளிக்கும் அந்தப் பழைய முறையை 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் ஒழித்துவிட்டது. அப்படி எழுதினால் சொத்து முதலில் பெறுபவருக்கே முழு உரிமையாகிவிடும் அபாயம் உண்டு. பேரப்பிள்ளைகளுக்கே நேரடியாக எழுதினாலோ, அவர்கள் பராயமடையாதவர்கள் என்பதால் ஒவ்வொரு பெரிய செலவுக்கும் நீதிமன்ற அனுமதி தேடவேண்டி வரலாம்.

ஆகவே 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டத்தின்படி, பணத்தைப் பொறுப்பாளர்களிடம் கொடுக்கிறேன் என்ற எண்ணமும், எந்தப் பணம் என்பதும், யாருக்காக என்பதும், எந்த நோக்கத்துக்காக என்பதும் ஐயமின்றித் தெரியும்படி எழுத வேண்டும். இந்த நான்கில் ஒன்று மங்கலாக இருந்தாலும் வாசகம் வெறும் வேண்டுகோளாகக் கருதப்படக்கூடும். “செலவழிப்பார் என நம்புகிறேன்”, “விரும்புகிறேன்” போன்ற மென்மையான சொற்களுக்கு இங்கே இடமில்லை.

மூன்றாம் படி: வயது எல்லை

தொடக்கத்தில் காட்டிய வசனத்தின் மிகப் பெரிய குறை “பராயம் அடையும்வரை” என்பதுதான். 1989இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின் இலங்கையில் பராயமடையும் வயது 18. நம் பிள்ளைகள் 5 வயது முடிந்து முதலாம் தரத்தில் சேர்ந்து, சுமார் 16 வயதில் சாதாரண தரமும், 18 அல்லது 19 வயதில் உயர்தரமும் எழுதுகிறார்கள். பெறுபேறும் வெட்டுப்புள்ளியும் வந்து பல்கலைக்கழகத்துக்குள் நுழையும்போது பெரும்பாலோருக்கு 20 வயது ஆகிவிடுகிறது; உயர்தரத்தை இரண்டாம் முறை எழுதியவருக்கு இன்னும் கூடும். பட்டப்படிப்பு மூன்று முதல் நான்கு ஆண்டுகள், மருத்துவம் ஐந்து ஆண்டுகள். அதாவது, வாசகத்தை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றும் நேர்மையான பொறுப்பாளர், உயர்தரப் பரீட்சை நெருங்கும் மாதங்களிலேயே பணத்தை நிறுத்திவிடுவார். கல்லூரிக் கட்டணம் என்று எழுதியிருந்தும் கல்லூரிக்கு ஒரு ரூபாயும் போகாது.

எனவே “பராயம்” என்ற சொல்லையே கைவிட்டு, முடிவைத் தெளிவாக எழுத வேண்டும்: முதலாவது பட்டத்தை அல்லது தொழில்சார் தகைமையை முடிக்கும் நாள், அல்லது 26 வயது நிறைவடையும் நாள், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை. 26 என்று நான் சொல்வது மருத்துவப் படிப்பையும் ஓராண்டுத் தாமதத்தையும் கணக்கில் கொண்டு. உங்கள் குடும்பத்துக்கு 25 போதுமென்றால் அப்படியே எழுதலாம். மேல் எல்லையே இல்லாமல் விடுவது மட்டும் கூடாது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. எஞ்சிய தொகை 18 வயதிலேயே அப்பிள்ளைக்கு முழு உரிமையாகிவிட்டது, கொடுப்பது மட்டும் 26 வரை தள்ளிவைக்கப்பட்டுள்ளது என்று பொருள்படும்படி வாசகம் அமைந்தால், 18 வயதான பிள்ளை தன் பங்கை உடனே தரும்படி கேட்க இடமேற்படும். எனவே முடிவு நாள் வரை உயிருடன் இருந்தால்தான் எஞ்சியது அவருக்கு, இல்லாவிட்டால் மற்றப் பேரப்பிள்ளைகளுக்கு என்று நிபந்தனையோடு எழுத வேண்டும்.

நான்காம் படி: “கட்டணம்” எதையெல்லாம் உள்ளடக்கும்?

அரசாங்கப் பாடசாலையிலும் அரச பல்கலைக்கழகத்திலும் இளமாணிப் பட்டம் வரை கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை. ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியிலோ புனித சூசையப்பர் கல்லூரியிலோ படிக்கும் பிள்ளைக்கு வீட்டிலிருந்து போகும் பெரிய செலவு பாடசாலைக் கட்டணம் அல்ல. தனியார் வகுப்புக் காசு, போக்குவரத்து, புத்தகம், சீருடை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் இடம் கிடைத்தால் வீட்டிலிருந்தே போகலாம். பேராதனையோ கொழும்போ கிடைத்தால் தங்குமிடமும் சாப்பாடும் மடிக்கணினியும்தான் சுமை. “கட்டணம்” என்று மட்டும் எழுதினால், கண்டிப்பான பொறுப்பாளர் இவை எதற்கும் பணம் தர மறுக்க நேரும். தாராளமானவர் எதற்கும் தந்துவிடுவார். ஆகவே எவையெவை என்பதை வாசகத்திலேயே பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். தனியார் பட்டப்படிப்பும் வெளிநாட்டுப் படிப்பும் சேருமா என்பதையும் நீங்களே தீர்மானித்துவிடுங்கள். அதைப் பொறுப்பாளரின் தலையில் கட்டினால் குடும்பத்துக்குள் மனக்கசப்பு வரும்.

தொகையை ரூபாயில் கட்டிப்போடவும் வேண்டாம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. அதற்கு முன் “மாதம் 5,000 ரூபாய்” என்று எழுதியவர்களின் ஏற்பாடு ஓராண்டில் பயனற்றுப்போனது. ரூபாய்க்குப் பதிலாகப் பங்கை எழுத வேண்டும்.

ஐந்தாம் படி: பங்கைப் பிரித்து வைத்தல்

மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே பொதுப் பணமாக வைத்தால், முதலில் கல்லூரிக்குப் போகும் மூத்தவர் அதிகம் எடுத்துக்கொள்வார். 15 வயதுப் பேரன் 25 இலட்சம் ரூபாய்த் தனியார் பட்டப்படிப்பில் சேர்ந்தால், 4 வயதுக் குழந்தை உயர்தரம் எழுதும் காலத்தில் கணக்கில் என்ன இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. யாரும் களவெடுக்காமலே ஒரு பிள்ளையின் பங்கு கரைந்துபோகும் வழி இதுதான். அதனால் 60 இலட்சத்தையும் தொடக்க நாளிலேயே தலா 20 இலட்சமாக மூன்று வைப்புகளாகப் பிரிக்க வேண்டும்.

வட்டி 8 சதவீதம் என்றும், வட்டியில் 10 சதவீதம் வரியாகப் பிடிக்கப்படும் என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பங்குக்கும் ஆண்டுக்கு 160,000 ரூபாய் வட்டி, வரி போக 144,000 ரூபாய் கைக்கு வரும். மூத்த பேரனின் உயர்தரக் காலச் செலவு ஆண்டுக்கு 180,000 ரூபாய் என்றால் 36,000 ரூபாயை வைப்பின் மூலப் பணமான முதலிலிருந்து எடுக்க வேண்டும். நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தில், வாசகம் மௌனமாக இருந்தால் பொறுப்பாளர் வருமானத்தை மட்டுமே கல்விக்குச் செலவழிக்கவும், முதலைத் தொட நீதிமன்றத்தை நாடவும் நேரிடும். எனவே “வருமானத்தையும் முதலையும்” செலவழிக்கும் அதிகாரத்தை வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும். கடைசிக் குழந்தைக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் மட்டுமே செலவானால், மீதி வட்டி முதலோடு சேர்ந்து 15 ஆண்டுகளில் பங்கு ஏறக்குறைய 44 இலட்சமாகும். மூத்தவரின் பங்கைவிட இது பெரிதாகத் தெரிந்தாலும், அந்த 15 ஆண்டுகளின் விலையேற்றம் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும் என்பதால் சம பங்கு அநியாயமல்ல.

மரண சாதனம் எழுதிய பின் இன்னொரு பேரப்பிள்ளை பிறக்கலாம். பெயர்களை மட்டும் எழுதினால் அந்தப் பிள்ளை விடுபடும். இறக்கும் வேளையில் உயிருடன் அல்லது கருவில் இருக்கும் பேரப்பிள்ளைகள் அனைவரும் என்று எழுதினால், நான்காவது பிள்ளை வந்தாலும் பங்கு தலா 15 இலட்சமாகத் தானே சரிசெய்யப்படும்.

ஆறாம் படி: பொறுப்பாளர்கள்

இரண்டு பேரை நியமித்து, இருவருக்கும் ஒவ்வொரு மாற்றாளைக் குறிப்பது நல்லது. இந்தக் குடும்பத்தில் மகளை மட்டும் பொறுப்பாளராக்கினால், அவர் எவ்வளவு நல்லவராயினும் தன் பிள்ளைகளின் பங்கையும் தம்பியின் பிள்ளையின் பங்கையும் ஒரே கையில் வைத்திருப்பார். மருமகளுக்கு ஐயம் வந்தால் அவரிடம் பதில் கேட்பது கடினம். மகளுடன், இரு பக்கத்தாரும் மதிக்கும் வெளியாள் ஒருவர், உதாரணமாக ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர் போன்றவர், சேர்ந்து கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்கலாம் என்ற ஏற்பாடு இருவரையும் காக்கும். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினரை நியமிக்க ஆசை வரும். ஆனால் ஒவ்வொரு தவணைக்கும் வங்கியில் கையொப்பமிட அவரால் முடியாது. பொருத்தமான ஆள் இல்லாதவர்கள் கொழும்பிலுள்ள பொது நம்பிக்கைப் பொறுப்பாளர் திணைக்களத்தை நாடலாம். வாசகத்தில் சொல்லாவிட்டால் பொறுப்பாளருக்கு ஊதியம் கிடையாது என்பதால், போக்குவரத்துச் செலவையாவது எடுக்கலாம் என்று எழுதிவிடுவது நியாயம்.

வாசகத்தின் மாதிரி

சட்டத்தரணியிடம் கொண்டு செல்வதற்கான அடிப்படை வரைவு இது; உங்கள் நிலைமைக்கேற்ப அவர் திருத்துவார்.

“நான் இறக்கும் வேளையில் எந்த வங்கியிலும் என் தனிப் பெயரிலுள்ள நிலையான வைப்புகள் அனைத்தையும், கீழ்க்காணும் நம்பிக்கைப் பொறுப்பின்படி வைத்திருப்பதற்காக என் பொறுப்பாளர்களுக்குக் கொடுக்கிறேன். அவ்வேளையில் உயிருடன் அல்லது கருவில் இருக்கும் என் பேரப்பிள்ளைகளின் எண்ணிக்கைக்கேற்ப அதைச் சம பங்குகளாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கில் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பங்கின் வருமானத்தையும் முதலையும் அந்தப் பேரப்பிள்ளையின் பாடசாலை, தனியார் வகுப்பு, பரீட்சை, பல்கலைக்கழகம் அல்லது தொழில்சார் கல்வி ஆகியவற்றின் கட்டணங்களுக்கும், புத்தகம், உபகரணம், போக்குவரத்து, தங்குமிடம், உணவு ஆகியவற்றுக்கும் செலவிட வேண்டும். கட்டணங்களை இயன்றவரை நிறுவனத்துக்கு நேரடியாகச் செலுத்திப் பற்றுச்சீட்டுப் பெற வேண்டும். பல ஆண்டுப் பாடநெறி ஒன்றின் முதல் தவணையைச் செலுத்து முன், முழுப் பாடநெறிக்கும் பங்கு போதுமா எனப் பார்க்க வேண்டும். முதலாவது பட்டம் அல்லது தொழில்சார் தகைமை முடிந்த நாளிலோ 26 வயது நிறைவடைந்த நாளிலோ, எது முந்துகிறதோ அந்நாளில் உயிருடன் இருந்தால், எஞ்சியது அப்பேரப்பிள்ளைக்குச் சேர வேண்டும். அதற்கு முன் இறந்தால் மற்றப் பங்குகளுக்குச் சமமாகச் சேர வேண்டும். பொறுப்பாளர்கள் அரச வங்கிகளின் வைப்புகளிலும் திறைசேரி உண்டியல்களிலும் மட்டும் முதலிட வேண்டும். ஆண்டுதோறும் மார்ச் 31இல் கணக்கு எழுதி ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோருக்கும் கொடுக்க வேண்டும்.”

படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளையின் பங்கு இந்த வரைவின்படி 26 வயது வரை காத்திருக்கும். மீண்டும் படிக்க வருபவருக்குக் கதவு திறந்திருக்கட்டும் என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறேன்.

ஏழாம் படி: கையொப்பம்

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி மரண சாதனம் எழுத்தில் இருக்க வேண்டும். அதன் இறுதியில், நொத்தாரிசு ஒருவரும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னிலையில் இருக்கக் கையொப்பமிட வேண்டும். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசு வழியே போவதையே பரிந்துரைக்கிறேன். தமிழில் உறுதி எழுத அனுமதி பெற்றவரா என்று முதலில் கேளுங்கள். மகளோ மருமகனோ மருமகளோ பொறுப்பாளர்களோ சாட்சியாக வேண்டாம்; பயன் பெறுபவரோ அவருடைய துணையோ சாட்சியிட்டால் அவருக்கு எழுதியது செல்லாமற்போகும். வயது முதிர்ந்தவர் அதே நாளில் மனத்தெளிவு பற்றிய வைத்தியச் சான்றிதழ் ஒன்றை எடுத்து வைப்பது பின்னர் வரும் வழக்கொன்றைத் தடுக்கும். மனைவியை இழந்த தாத்தா மறுமணம் செய்தால் பழைய மரண சாதனம் இரத்தாகும். புதிதாக எழுத வேண்டும்.

இறப்புக்குப் பின்

மூல ஆவணம் திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்பட்டு, மரண சாதனத்தை நிறைவேற்ற அதில் நியமிக்கப்பட்ட நிறைவேற்றுநர், அது செல்லுபடியானது என்ற நீதிமன்ற உறுதிப்பாடான புரொபேட்டைப் பெற்ற பிறகே வங்கி பணத்தை விடுவிக்கும். இதற்கு மாதங்கள் ஆகும். எதிர்ப்பு வந்தால் ஆண்டுகளும் ஆகலாம். அந்த இடைவெளியில் பிள்ளையின் வகுப்பு நிற்காமலிருக்க, ஓராண்டுச் செலவுக்கான சிறு தொகையை, பிள்ளைகளின் தாய்மாரைப் பின்னுரித்தாளிகளாகக் குறித்த தனிச் சேமிப்புக் கணக்குகளில் உயிரோடிருக்கும்போதே வைத்துவிடலாம். அவை சேமிப்புக் கணக்குகள் என்பதால் மேலேயுள்ள வாசகத்துக்குள் வரமாட்டா.

நிறைவேற்றுநர் பணத்தைப் பொறுப்பாளர்களின் கூட்டுக் கணக்குக்கு மாற்றும்போது, கணக்கின் பெயரிலேயே நம்பிக்கைப் பொறுப்பு என்று இருக்கிறதா எனப் பாருங்கள். பொறுப்பாளரின் சொந்தக் கணக்கில் பணம் கிடப்பதும், பற்றுச்சீட்டு இல்லாமல் காசாகக் கொடுக்கப்படுவதும், மார்ச் கணக்கு இரண்டாம் ஆண்டிலிருந்து வராமல் போவதும் ஏதோ சரியில்லை என்பதன் முதல் அடையாளங்கள். அப்போது மட்டக்களப்பிலுள்ள தாய் முதலில் பதிவுத் தபாலில் கணக்கைக் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் பிள்ளையின் சார்பில் மாவட்ட நீதிமன்றத்தில் கணக்குக் காட்டும்படியும், தேவையெனில் பொறுப்பாளரை மாற்றும்படியும் விண்ணப்பிக்கலாம். அனுப்பிய கடிதத்தின் பிரதியும் தபால் பற்றுச்சீட்டும் அந்த விண்ணப்பத்தோடு போக வேண்டியவை.